மாத அறிக்கையில் இரு சதவீதக் கணக்குகள்: சைட்டிலிருந்து வந்த கேள்விகள்

சாலை வேலையில் மாத முன்னேற்ற அறிக்கை எழுதுகிறேன். மண் வேலை 12 கி.மீ.யில் 9 கி.மீ. முடிந்துவிட்டது. 75% என்று போட்டேன், மேலே இருப்பவர் அடித்துவிட்டார். ஏன்?

அடிக்காமல் என்ன செய்வார்? முடிந்தது மண் வேலை, சாலை இல்லையே. ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்தத் தொகையில் எவ்வளவு பங்கோ அதுதான் வெயிட்டேஜ். பேச்சுக்கு 40 கோடி ரூபாய் வேலை, 18 மாதம், ஜனவரியில் ஆரம்பித்தது, இப்போது செப்டம்பர் கடைசி என்று வைத்துக்கொள்வோம். மண் வேலைக்கு 20 சதவீதம், தாருக்கு அடியில் வரும் ஜல்லி அடுக்குகளான ஜிஎஸ்பி-வெட்மிக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து 25, தார் வேலைக்கு 35, சிறுபாலங்களுக்கு 15, பலகை, வெள்ளைக்கோடு மாதிரி மிச்சத்துக்கு 5.

மண் வேலை முக்கால் பங்கு முடிந்தால் கிடைப்பது 15. ஜிஎஸ்பி-வெட்மிக்ஸ் இரண்டிலும் பாதி முடிந்திருந்தால் 12.5. தாரில் கீழ் அடுக்கான டிபிஎம்முக்கு மட்டும் 20 என்று பிரித்து வைத்திருந்து, 3 கி.மீ. போட்டிருந்தால் 5. சிறுபாலம் 20-ல் 12 முடிந்தால் 9. கூட்டினால் 41.5%. இதுதான் பௌதிக முன்னேற்றம். அட்டவணைப்படி இந்த மாதம் 50% வந்திருக்க வேண்டும் என்றால் 8.5% பின்தங்கியிருக்கிறீர்கள்.

பாதி கட்டின சிறுபாலத்தை என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். அஸ்திவாரம், சுவர், மேல் தளம் என்று முதல் மாதமே பங்கு பிரித்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். பிறகு ஆளுக்கொரு கணக்குப் போடும் வேலை இருக்காது.

பௌதிகம் 41.5%, நிதி 35%. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

வேண்டாம். ஒன்றாகவே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், யாரோ ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருக்கிறார்கள் என்று. நிதி முன்னேற்றம் என்பது இதுவரை சான்றளித்த பில் மதிப்பை ஒப்பந்தத் தொகையால் வகுப்பது. 14 கோடிக்குப் பில் ஆகியிருந்தால் 35%. நடுவில் இருக்கும் 6.5%, அதாவது 2.6 கோடி, தரையில் கிடக்கிறது. அளவெடுத்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏறாதது, சோதனை முடிவு வராதது, இப்படி. அது எங்கே நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், அந்த வரிக்காகத்தான் இந்த அறிக்கையையே படிக்கிறார்கள்.

நிதி மேலே, பௌதிகம் கீழே என்றால் வேறு கதை. பெரும்பாலும் ஆள், இயந்திரம் இறக்கக் கொடுத்த முன்பணத்தையும் சேர்த்திருப்பார்கள். அது பின்னால் பில்லில் பிடிக்கப்போகிற பணம், வேலைக்கான மதிப்பு கிடையாது. விலையேற்ற ஈட்டுத்தொகை, ஜிஎஸ்டி இரண்டையும் கலந்தாலும் இப்படித்தான் வீங்கும். மேலே கூட்டும் தொகையில் வரி இருந்தால் கீழே வகுக்கும் தொகையிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்கம்பம் மாற்றித் தராததால் 2 கி.மீ. கைக்கே வரவில்லை. அட்டவணையைத் திருத்திப் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். கால நீட்டிப்பு ஒப்புதல் ஆகும்வரை பழைய அட்டவணைதான். திருத்திப் போட்டால் தாமதமே இல்லாத மாதிரி ஆகிவிடும், அப்புறம் எதைக் காட்டி நீட்டிப்பு கேட்பீர்கள்? எந்த கிலோமீட்டரிலிருந்து எதுவரை, எந்தத் தேதியிலிருந்து தடை, என்றைக்கு நீங்கியது என்று இடையூறு பதிவேட்டில் எழுதி, அதன் நகலை அறிக்கையோடு வையுங்கள்.

தார் 3 கி.மீ. போட்டதாக ஒப்பந்ததாரர் எழுதியிருக்கிறார். ஆபீசில் இருந்தபடி எப்படிச் சரிபார்ப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி. 3,000 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 50 மி.மீ. கனம் என்றால் 1,050 கன மீட்டர். கனமீட்டருக்குச் சுமார் 2.4 டன் வீதம் 2,520 டன் கலவை. அதில் தார் 4.5% என்றாலும் 113 டன். 20 டன் டேங்கர் என்றால் ஐந்தாறு லோடு. அறிக்கையோடு வந்த தார் இன்வாய்ஸை எண்ணுங்கள். ஒருமுறை நான் எண்ணியபோது மூன்றுதான் இருந்தது, பழைய ஸ்டாக் என்றார்கள், போன மாத அறிக்கையில் ஸ்டாக் 'இல்லை' என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

பின்தங்கியதை எப்படிப் பிடிப்பது என்று எழுதச் சொல்கிறார்கள். 'வேலை துரிதப்படுத்தப்படும்' என்று போட்டால் போதாதா?

போதாது. மேலே சொன்ன கணக்கில் மிச்சம் 58.5%, மாதம் 9. மாதத்துக்கு 6.5% வர வேண்டும், இதுவரை வந்தது சராசரி 4.6%. மிச்சத்தில் 30 தார் வேலை. அதை வடகிழக்கு மழையில் போட முடியாது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுபாலத்தையும், மழை விட்ட நாளில் வெட்மிக்ஸையும் முடித்துவிட்டு, ஜனவரியிலிருந்து தார் ஒரு நாளைக்கு எத்தனை டன், பிளான்ட் எத்தனை மணி நேரம் ஓடும், பேவர் ஒன்றா இரண்டா என்று எழுதுங்கள்.