450 பாயின்ட் என்றால் 4.5 சதவீத ஆபத்தா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பத்திரம் என்னிடம் இருக்கிறது. முதிர்வுக்கு இன்னும் 2 வருடம். அதன் சிடிஎஸ் ஸ்ப்ரெட் 150-லிருந்து 450 பேசிஸ் பாயின்ட்டுக்கு ஏறிவிட்டதாகச் செய்தி பார்த்தேன். பணம் வராமல் போக 4.5 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமா? இப்போதே விற்றுவிடலாமா?

பதில்: சிடிஎஸ் என்பது கடன் திரும்பி வராவிட்டால் ஈடு தரும், காப்பீடு போன்ற ஒரு ஒப்பந்தம். அதன் வருடாந்திர விலைதான் ஸ்ப்ரெட்; 100 பேசிஸ் பாயின்ட் சேர்ந்தால் ஒரு சதவீதம். ஆக, 4.5 சதவீதம் என்பது வாய்ப்பு அல்ல, விலை. அந்த நிறுவனம் கடனைக் கட்டத் தவறினால் ஏற்படும் நஷ்டத்தை இன்னொருவர் தலையில் ஏற்றுவதற்கு வருடத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான் அது. இந்த விலைக்குள் ஒரு வாய்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க எண்கணிதமே போதும்.

1 கோடி டாலர் கடனுக்குப் பாதுகாப்பு வாங்குகிறோம் என்று வையுங்கள். 450 பேசிஸ் பாயின்ட் என்றால் வருடத்துக்கு 4.5 லட்சம் டாலர் பிரீமியம். நிறுவனம் தவறினால் பாதுகாப்பு விற்றவர் முழு 1 கோடியையும் தரப்போவதில்லை. திவாலான நிறுவனத்தின் பத்திரத்துக்கும் சந்தையில் ஏதோ ஒரு விலை இருக்கும். அது போக மீதியைத்தான் தருவார். திவாலானால் பணம் பெறும் வரிசையில் முன்னால் நிற்கும் மூத்த பத்திரங்களுக்கு 100-க்கு 40 தேறும் என்பது சந்தையில் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அனுமானம். ஆக, விற்றவருக்கு வரக்கூடிய நஷ்டம் 60 லட்சம்.

இப்போது விற்றவரின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வருடம் 4.5 லட்சம் கையில் வருகிறது, என்றாவது ஒரு நாள் 60 லட்சம் போகலாம். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டுமானால் தவறும் வாய்ப்பு வருடத்துக்கு 4.5 ÷ 60, அதாவது 7.5 சதவீதம். (நிறுவனம் தவறிய பிறகு பிரீமியம் நின்றுவிடும் என்பதையும் சேர்த்தால் எண் கொஞ்சம் குறையும். இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) அடுத்து, செய்தியில் வரும் ஸ்ப்ரெட் பெரும்பாலும் 5 வருட ஒப்பந்தத்துக்கானது. ஒவ்வொரு வருடமும் தப்பிக்கும் வாய்ப்பு 92.5 சதவீதம் என்றால், 5 வருடமும் தப்பிக்கும் வாய்ப்பு 0.925-ஐ ஐந்து தடவை பெருக்கினால் வரும் சுமார் 68 சதவீதம். மீதி 32 சதவீதம் தவறும் வாய்ப்பு. பழைய 150-க்கு இதே கணக்கைப் போட்டால் 12 சதவீதம்தான் வரும்.

32 என்றதும் பதற வேண்டாம். அந்த 40 என்ற அனுமானத்தை அசைத்துப் பாருங்கள். 20 மட்டுமே தேறும் என்று வைத்தால், அதே 450-க்கு 5 வருட வாய்ப்பு 25 சதவீதமாக இறங்குகிறது. 60 தேறும் என்றால் 45 சதவீதமாக ஏறுகிறது. ஸ்ப்ரெட் மாறவே இல்லை. எத்தனை தடவை விபத்து நடக்கும், நடந்தால் எவ்வளவு சேதம் என்ற இரண்டும் பெருக்கி வந்த தொகைதான் சந்தையில் தெரிகிறது. தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது. நிஜத்தில் தேறும் தொகை 40-க்குப் பக்கத்தில்கூட வராமல் போவதும் உண்டு. 2008 அக்டோபரில் லேமன் பிரதர்ஸ் சிடிஎஸ்களைத் தீர்க்க நடந்த ஏலத்தில் அதன் பத்திரத்துக்கு நிர்ணயமான விலை 100-க்கு 8.625. பாதுகாப்பு விற்றவர்கள் 91-க்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. விற்றவர் சும்மா சரிக்குச் சரி விலை சொல்ல மாட்டார். மோசமான காலத்தில் எல்லா நிறுவனங்களும் சேர்ந்தே ஆட்டம் காணும் என்று அவருக்குத் தெரியும், அதனால் பயத்துக்கும் சேர்த்து ஒரு கூலி கேட்பார். நல்ல தரச்சான்று உள்ள நிறுவனங்களில் ஸ்ப்ரெட்டிலிருந்து எடுக்கும் வாய்ப்பு, கடந்த காலத்தில் உண்மையிலேயே தவறிய விகிதத்தைவிடக் கணிசமாக அதிகமாக இருப்பது இதனால்தான். எனவே 32 என்பதை முன்னறிவிப்பாக எடுக்காமல், பயக்கூலியும் சேர்ந்த உச்ச மதிப்பீடாகவே நான் எடுப்பேன்.

ஆனால் 150 மூன்று மடங்காக ஆனதை அலட்சியப்படுத்தவும் முடியாது. பல நிறுவனங்களின் சிடிஎஸ் விலையைச் சேர்த்துக் காட்டும் சிடிஎக்ஸ், ஐட்ராக்ஸ் போன்ற குறியீடுகளைப் பாருங்கள். அவையும் ஏறியிருந்தால் சந்தை முழுக்கப் பயந்திருக்கிறது, உங்கள் நிறுவனத்தின் குற்றம் அதில் சிறு பங்குதான். குறியீடு அசையாமல் இது மட்டும் தாவியிருந்தால் விஷயம் உள்ளே இருக்கிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் எவ்வளவு அகலம் என்பதையும் கேளுங்கள். 350-க்கும் 550-க்கும் நடுவில் 450 என்று எழுதியிருந்தால், அந்த விலையில் யாரும் வியாபாரமே செய்யவில்லை என்றுகூட இருக்கலாம்.

அப்புறம், உங்களுக்கு மீதி இருப்பது 2 வருடம், 5 அல்ல. 2 வருட சிடிஎஸ் என்ன விலை என்று உங்கள் தரகரிடம் விசாரியுங்கள். அது 300 என்றால் வருடத்துக்கு 5 சதவீதம், இரண்டு வருடத்துக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. மாறாக 600 என்றால் 19 சதவீதம். வழக்கமாகக் குறுகிய காலப் பாதுகாப்புதான் மலிவு. அது நீண்ட காலத்தைவிட விலை ஏறிவிட்டால், ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டதாகச் சந்தை நினைக்கிறது. நான் முதலில் தேடும் அடையாளம் இதுதான். 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் விஷயத்தில் இப்படித்தான் நடந்தது. ஓராண்டு விலை ஐந்தாண்டு விலையை வெகுவாகத் தாண்டியது, மார்ச் 19 அன்று யுபிஎஸ் அந்த வங்கியை வாங்குவதாக அறிவிப்பு வந்தது.

அந்தக் கதையில் உங்களுக்கு வேண்டிய இன்னொரு பகுதியும் இருக்கிறது. வங்கி விழுந்தும் மூத்த பத்திரக்காரர்கள் பணத்தை இழக்கவில்லை; ஏடி1 என்ற அடிவரிசைப் பத்திரங்களில் சுமார் 1,600 கோடி பிராங்க் பூஜ்யமானது. நிறுவனம் ஒன்றுதான் என்றாலும் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதி மாறியது. செய்தியில் வரும் ஸ்ப்ரெட் பெரும்பாலும் அடமானம் இல்லாத மூத்த கடனுக்கானது. உங்கள் பத்திரத்தில் பின்வரிசையைக் குறிக்கும் 'சார்நிலைக் கடன்' என்று இருந்தால் அந்த எண் உங்கள் ஆபத்தைக் குறைத்துக் காட்டுகிறது. சொத்து அடமானம் உள்ளது என்றால் மிகைப்படுத்துகிறது.

இனி விற்பதா என்ற விஷயம். வாங்கியபோது கிடைத்த வட்டியை மறந்துவிடுங்கள். இன்றைய சந்தை விலையில் உங்கள் பத்திரம் எவ்வளவு வருவாய் தருகிறது என்று பார்த்து, அதிலிருந்து அதே 2 வருட அரசுப் பத்திரத்தின் வருவாயைக் கழியுங்கள். மிஞ்சுவது 2 சதவீதம், 2 வருட சிடிஎஸ் 3 சதவீதம் என்று வந்தால், மற்றவர்கள் 3 கேட்கும் ஆபத்தை நீங்கள் 2-க்குச் சுமக்கிறீர்கள். பல சமயம் சிடிஎஸ் முதலில் நகரும், பத்திர விலை பின்னால் வரும். அந்த இடைவெளியில் யாராவது உண்மையிலேயே அந்த விலைக்கு வாங்கத் தயாராக இருந்தால் நான் விற்றுவிடுவேன். திரையில் தெரியும் விலை சில நாள் பழையதாகவும் இருக்கலாம், எனவே தரகரிடம் உறுதியான விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மிஞ்சுவது 3.5-க்கு மேல் என்றால் பத்திர விலை ஏற்கனவே இறங்கிவிட்டது. இப்போது விற்பது அந்த நஷ்டத்தை உறுதிசெய்வது மட்டும்தான். அப்போதும், உங்கள் மொத்தச் சேமிப்பில் இந்தப் பத்திரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், பாதியையாவது குறைத்துக்கொள்ளச் சொல்வேன்.