ஆண்டு விழாவில் புதுப் பொருளை அறிமுகம் செய்வது எப்படி?

"சுன்னாகத்தில் மிளகாய்த்தூள் கடை வைத்திருக்கிறோம். 20ஆவது ஆண்டு விழாவில் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒடியல் கூழ் மா பைக்கற்றை எப்படி அறிமுகம் செய்வது?"

முதலில் கூழைக் கொடுங்கள், பேச்சு பிறகு. அந்தப் பைக்கற்று மாவிலேயே விழா இடத்தில் காய்ச்சுங்கள். சைவக்காரரும் வருவார்கள், ஆகவே மீன், நண்டு போடாத பானை ஒன்றும் வேண்டும். பிளாவில் ஊற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒடியல் மாவை ஊறவைத்து நீரை வடிக்காவிட்டால் கசக்கும். வீட்டில் காய்ச்சுபவர் அதைத் தவறவிட்டால் பழி உங்கள் மாவுக்குத்தான். அதனால் ஒருவர் ஊறவைப்பதை எல்லோர் முன்னும் செய்துகாட்டட்டும்.

குடித்து முடிக்கும்போது மூன்று நிமிடம் பேசினால் போதும். "மிளகாய்த்தூளில் எந்த மாற்றமும் இல்லை" என்பதே முதல் வசனம். பழைய ஆட்களுக்கு அந்தப் பயம்தான் முதலில் வரும்.

நாங்கள் எங்கள் விழாவில் புது அரிசிமாவைச் சும்மா அள்ளிக் கொடுத்தோம். எல்லோரும் புகழ்ந்தார்கள், அடுத்த மாதம் கேட்டு வந்தவர் சிலர்தான். இலவசத்தை யார் குறை சொல்வார்? சிறிய பைக்கற்றாகப் போட்டு, விலையைக் கொஞ்சம் குறைத்து விற்றுப் பாருங்கள். வாங்கியவர் பெயரைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பக் கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகு அடுத்த மூட்டை ஒடியலுக்குச் சொல்லுங்கள்.