ஒட்டிப் பார்த்த படத்தை நம்பி செடி வாங்கலாமா?

"வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னால் 20க்கு 15 அடி இடம். நர்சரிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அரிகா பாம் படத்தை வெட்டி, எங்கள் வீட்டுப் படத்தில் மதிலோரம் ஒட்டிப் பார்த்தேன். பிரமாதமாக இருக்கிறது. நம்பி ஆறு செடி வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஒட்டும்போது செடியைக் கண்ணுக்கு அழகான அளவுக்கு இழுத்திருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அளவைச் சரியாக வைக்க எளிய வழி இருக்கிறது. செடி வைக்கப்போகும் அதே தரையில் நின்று, போனைச் சாய்க்காமல் 5 அடி உயரத்தில் பிடித்துப் படம் எடுங்கள். தரை மட்டமாக இருந்தால், 5 அடி உயரமுள்ள எதுவும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், படத்தில் ஒரே கோட்டைத்தான் தொடும். உங்கள் மதில் 5 அடி என்றால் அதன் மேல்விளிம்புதான் அந்தக் கோடு. பக்கத்து மதிலின் விளிம்பும் சாயாமல் நேராகவே தெரியும். சாய்ந்தால் போனின் உயரம் தப்பு.

இனி கணக்கு சுலபம். பையில் 3 அடி இருக்கும் செடியின் நுனி, அதன் அடியிலிருந்து கோடு வரையுள்ள தூரத்தில் ஐந்தில் மூன்று பங்கில் நிற்க வேண்டும். அரிகா பாம் நன்றாக வளர்ந்தால் 15 அடியைத் தாண்டும். அதாவது அந்தத் தூரத்தைப் போல மூன்று மடங்கு. அகலமும் எட்டு அடிக்குக் குறையாது. நட்ட அன்றைக்கு ஒரு படம், வளர்ந்த பிறகு ஒரு படம் என்று இரண்டும் செய்து பாருங்கள். இரண்டாவது படத்தில் 20 அடி மதிலோரம் ஆறு செடி ஒன்றையொன்று நெரிக்கும், ஜன்னலும் மறையும். இரண்டு போதும். கணினியில் ஏற்கெனவே PowerPoint இருந்தால், வெட்டி ஒட்ட அதில் உள்ள Remove Background போதும், தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

திண்ணையில் நின்று எடுத்தால் மட்டும் கணக்கு மாறும். திண்ணை 2 அடி உயரம் என்றால், கையில் 5 அடியில் பிடித்த போன் தோட்டத் தரையிலிருந்து 7 அடியில் இருக்கும். கோடும் 7 அடிக் கோடாகிவிடும், மதில் அதற்குக் கீழே போய்விடும். அங்கேயே நிற்கத்தான் வேண்டும் என்றால் போனை 3 அடிக்கு, இடுப்பருகே இறக்குங்கள். அல்லது பேசாமல் இறங்கி வாருங்கள்.

அப்புறம், தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்கள். முழுதாக வளர்ந்த செடியை உங்கள் வீட்டுப் படத்தில் ஒட்டிக் காட்டி முன்பணம் வாங்குவார்கள்; வண்டியில் வந்து இறங்குவது இரண்டடிக் கன்று. கேட்டால் "வளரும் சார்" என்பார்கள். பச்சை வலைக்கு அடியில் எடுத்த படத்தின் பளபளப்பும் வேலூர் வெயிலில் நிற்காது, இலை நுனி காய்ந்துவிடும். தீப்பெட்டியில்கூட விலை அச்சடிக்கிறார்கள்; செடிக்கு உயரம் எழுதி வைக்கிற வழக்கம் நர்சரிகளில் அநேகமாக இல்லை, அதை யாரும் கேட்பதும் இல்லை. ஆகவே நீங்களே கேளுங்கள்: செடியின் பெயர், தரையிலிருந்து உயரம், பை அளவு, எத்தனை தண்டு என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.