திரவத் தம்பமும் யூ-குழாயும்: கிடைக்கோட்டை எங்கே வரைவது?

திரவ அழுத்தம் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஆகவே அதைத் தொடும் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: அடிப்பரப்பும் நீர்மட்டமும் சமமாக உள்ள இரண்டு பாத்திரங்களில் ஒன்று நேரான உருளை, மற்றொன்று கழுத்துக் குறுகியது. இரண்டாவதில் நீர் குறைவாக இருந்தும் அடித்தளத்தின் மீது விசை சமம் என்கிறார்கள். இல்லாத எடை எங்கிருந்து வருகிறது? தராசு எதைக் காட்டும்?

அளவுகளை வைத்தே பார்ப்போம். இரண்டின் அடிப்பரப்பும் 100 ச.செ.மீ., நீரின் உயரம் 30 செ.மீ. என்க. அடியில் நீரால் ஏற்படும் அழுத்தம் hρg, அதாவது 0.3 × 1000 × 9.8 = 2940 பாஸ்கல். அடித்தளத்தின் மீதான விசை இரண்டு பாத்திரங்களிலும் 29.4 நியூட்டன். நேரான உருளையில் உள்ள 3 கிலோகிராம் நீரின் எடையும் அதுவேதான் என்பதால் அங்கே யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

இரண்டாவது பாத்திரம் அடியிலிருந்து 10 செ.மீ. வரை 100 ச.செ.மீ. அகலத்துடன் இருந்து, அதற்கு மேல் 20 செ.மீ. உயரத்துக்கு வெறும் 10 ச.செ.மீ. கழுத்தாகக் குறுகுகிறது என்று கொள்வோம். அதில் உள்ள நீர் 1200 கன செ.மீ.; அதன் எடை 11.76 நியூட்டன். மீதி 17.64 நியூட்டனுக்கான விடை பாத்திரத்தின் தோளில் இருக்கிறது. அகன்ற பகுதியை மூடியிருக்கும் அந்தத் தட்டையான தோளின் பரப்பு 90 ச.செ.மீ.; அதற்கு மேல் கழுத்தில் 20 செ.மீ. நீர் நிற்பதால், தோளுக்கு அடியில் உள்ள நீரின் அழுத்தம் 1960 பாஸ்கல். எனவே நீர் தோளை 1960 × 0.009 = 17.64 நியூட்டன் விசையுடன் மேல்நோக்கித் தள்ளுகிறது. தோளும் அதே விசையுடன் நீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. நீரின் எடையும் தோளின் அழுத்தமும் சேர்ந்துதான் அடித்தளத்தின் மீது 29.4 நியூட்டன் ஆகின்றன.

தராசோ முழுப் பாத்திரத்தையும் தாங்குகிறது. அடித்தளத்தைக் கீழே தள்ளும் 29.4-இலிருந்து தோளை மேலே தள்ளும் 17.64-ஐக் கழித்தால் கிடைக்கும் 11.76 நியூட்டனையே, பாத்திரத்தின் எடை நீங்கலாக, அது காட்டும். ஆனால் அடித்தகட்டைத் தனியே கழற்றி, கீழிருந்து கையால் தாங்க நேர்ந்தால் கைக்குத் தேவைப்படுவது 29.4 நியூட்டன்தான், தகட்டின் எடை அதற்கு மேல். மேல்நோக்கி விரியும் பாத்திரத்தில் கதை நேர்மாறானது: அங்கே சாய்ந்த சுவர்கள் நீரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன.

கேள்வி: யூ-குழாய்க் கணக்கில் வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா, விட்டுவிடலாமா?

இரு முனைகளும் திறந்திருந்தால் இரு பக்கமும் அதே அளவு கூடுவதால் விட்டுவிடலாம். வளிமண்டல அழுத்தம் சிறியது என்பதால் விடுகிறோம் என்று எண்ணிவிடக் கூடாது; அது ஏறக்குறைய 10.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்கு ஈடானது. ஒரு முனையைத் தக்கையால் அடைத்துவிட்டு மறுமுனையில் நீரை ஊற்றினால், அடைபட்ட காற்று நசுங்கி அதன் அழுத்தம் உயரும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளா.

கேள்வி: பாதரசம் உள்ள யூ-குழாயின் ஒரு புயத்தில் 27.2 செ.மீ. நீர் ஊற்றினால் மறுபுயத்தில் பாதரசம் எவ்வளவு உயரும்? நான் 2 செ.மீ. என்று எழுதினேன். விடை 1 செ.மீ. என்று இருக்கிறது.

உங்கள் கணக்குச் சரி. அது வேறொரு கேள்விக்கான விடை. நீரை ஊற்றியதும் அந்தப் புயத்தில் பாதரசம் இறங்கி, மறுபுயத்தில் ஏறுகிறது. நீரும் பாதரசமும் சந்திக்கும் தளத்தின் வழியாக ஒரு கிடைக்கோடு வரையுங்கள். அந்தக் கோட்டில் இடப்பக்கம் 27.2 செ.மீ. நீரின் அழுத்தம், வலப்பக்கம் கோட்டுக்கு மேலே நிற்கும் பாதரசத்தின் அழுத்தம். கோட்டுக்குக் கீழே இரு பக்கமும் தொடர்ந்து இருப்பது ஒரே பாதரசம் என்பதால் இவை சமமாக இருந்தே ஆக வேண்டும்:

27.2 × 1 = h × 13.6, ஆகவே h = 2 செ.மீ.

இந்த 2 செ.மீ. என்பது இரு பாதரச மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு. இரு புயங்களும் ஒரே குறுக்குப் பரப்புடையவை என்றால், இடப்பக்கம் எவ்வளவு இறங்கியதோ வலப்பக்கம் அவ்வளவு ஏறியிருக்கும். ஆக, பழைய மட்டத்திலிருந்து ஒரு பக்கம் 1 செ.மீ. இறக்கம், மறுபக்கம் 1 செ.மீ. ஏற்றம். 'எவ்வளவு உயர்ந்தது' என்ற கேள்வி பழைய மட்டத்தைப் பற்றியது. அழுத்தச் சமன்பாட்டுக்கோ பழைய மட்டம் எங்கே இருந்தது என்பதே தெரியாது, தேவையுமில்லை. இந்த இரண்டையும் கலப்பதால்தான் விடை இருமடங்காகவோ பாதியாகவோ வந்து நிற்கிறது. நீரின் மேல்மட்டம் பாதரசத்தின் மேல்மட்டத்தைவிட எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று கேட்டிருந்தால் விடை 27.2 − 2 = 25.2 செ.மீ. என்று ஆகியிருக்கும்.

கேள்வி: ஒரே கிடைமட்டத்தில் அழுத்தம் சமம் என்பது விதி என்றால், கோட்டைச் சந்திப்புத் தளத்தில்தான் வரைய வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறீர்கள்? அதற்கு மேலே வரைந்தால் என்ன?

விதியில் பாதி விடுபட்டிருக்கிறது. அசைவற்று நிற்கும் *ஒரே* திரவத்தில், ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு அந்தத் திரவத்தை விட்டு வெளியேறாமல் போக முடிந்தால் மட்டுமே, ஒரே மட்டத்தில் அழுத்தம் சமம். மேற்கண்ட குழாயிலேயே சந்திப்புத் தளத்துக்கு 1 செ.மீ. மேலே கோட்டை வரைந்து பாருங்கள். நீர் உள்ள புயத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே 26.2 செ.மீ. நீர் இருக்கிறது. பாதரசப் புயத்தில் 1 செ.மீ. பாதரசம் இருக்கிறது, அது 13.6 செ.மீ. நீருக்குச் சமம். ஒரே மட்டம்தான், ஆனால் ஒரு பக்கத்து அழுத்தம் மறுபக்கத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடர்த்தி குறைந்த திரவம் உள்ள பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம். சந்திப்புத் தளத்தில் இரண்டும் சமமாகத் தொடங்குகின்றன. அங்கிருந்து மேலே போகப்போக பாதரசத்தில் அழுத்தம் வேகமாகவும் நீரில் மெதுவாகவும் குறைகிறது. சந்திப்புத் தளத்துக்குக் கீழே கோட்டை எங்கு வேண்டுமானாலும் வரையலாம்; இரு பக்கமும் ஒரே உயரப் பாதரசம் கூடுதலாக வந்து நீங்கிவிடும். ஒரு புயத்தில் நீரும் மறுபுயத்தில் எண்ணெயும் ஊற்றி, இரண்டு சந்திப்புத் தளங்கள் வந்துவிட்டால், தாழ்வாக உள்ளதன் வழியாகவே கோட்டை வரைய வேண்டும்.

கேள்வி: ஒரு புயம் மற்றதைப் போல் மூன்று மடங்கு பரப்புடையது என்றால் சமநிலை மாறுமா?

அதே 27.2 செ.மீ. நீர் நின்றால் மட்ட வேறுபாடு அதே 2 செ.மீ.தான், சமன்பாட்டில் பரப்புக்கு இடமில்லை. அந்த 2 செ.மீ. எப்படிப் பங்காகிறது என்பதுதான் மாறும். குறுகிய புயத்தில் நீரை ஊற்றினால் அங்கே பாதரசம் 1.5 செ.மீ. இறங்கி, அகன்ற புயத்தில் 0.5 செ.மீ. ஏறும். ஆனால் அதே *கன அளவு* நீரை அகன்ற புயத்தில் ஊற்றினால் அதன் உயரமே மூன்றில் ஒரு பங்காகிவிடும். மட்ட வேறுபாடும் அப்படியே சுருங்கும். வினாவில் தரப்பட்டிருப்பது உயரமா, கன அளவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூ-குழாயில் நீரும் மண்ணெண்ணெயும் எடுத்து ஒப்படர்த்தி கண்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மதிப்பு வருகிறது. 0.74-உம் வந்தது, 0.86-உம் வந்தது. எங்கே பிழை?

எண்ணெய்த் தம்பம் குட்டையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். உண்மையான மதிப்பு 0.80 என்றும், எண்ணெயின் உயரம் 3 செ.மீ. என்றும் கொண்டால் நீரின் உயரம் 2.4 செ.மீ. இரண்டு அளவீட்டிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே 2.3/3.1 என்பது 0.74 ஆகிறது, 2.5/2.9 என்பது 0.86 ஆகிறது. அதே ஒரு மில்லிமீட்டர்ப் பிழை 25 செ.மீ. எண்ணெயில் நேர்ந்தால் விடை 0.79-க்கும் 0.81-க்கும் இடையிலேயே நிற்கும். நீரை முதலில் ஊற்றி, பிறகு எண்ணெயைக் குழாயின் சுவரோடு ஒட்டியபடி மெதுவாக விடுங்கள். நடுவே குழாயின் முழு அகலத்தையும் அடைத்து ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால், எடையில்லாத அந்த நீளமும் உயரத்தில் சேர்ந்துவிடும்; மெல்லத் தட்டி அதை வெளியேற்றிய பின்பே அளக்க வேண்டும்.

நீளமான தம்பத்திலும் மதிப்பு ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்தால் குழாயின் விட்டத்தைப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் 2 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நுண்புழை ஏற்றத்தால் மட்டும் நீர் 1 செ.மீ.க்கு மேல் ஏறும். எண்ணெயின் பரப்பு இழுவிசை வேறானது என்பதால் இரு பக்கத்து ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்யாது. அகன்ற குழாயை எடுப்பது ஒரு வழி. நான் விரும்புவது மற்றொன்று: எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இரு உயரங்களையும் குறித்து, எண்ணெயின் உயரத்தைக் கிடையச்சிலும் நீரின் உயரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். நேர்கோட்டின் சாய்வே ஒப்படர்த்தி. நுண்புழை ஏற்றம் போன்ற மாறாத பிழைகள் கோட்டை மேலோ கீழோ நகர்த்துமே தவிர, சாய்வைத் தொடா.

கேள்வி: நீருக்கும் ஆல்கஹாலுக்கும் இதே முறை பொருந்துமா?

பொருந்தாது, இரண்டும் கலந்துவிடுவதால் சந்திப்புத் தளமே இராது. அடியில் பாதரசத்தை வைத்து இரண்டையும் பிரிக்கலாம் என்றாலும், 20 செ.மீ. நீருக்கும் 20 செ.மீ. ஆல்கஹாலுக்கும் இடையே பாதரச மட்டங்கள் 3 மி.மீ. அளவுக்குத்தான் வேறுபடும்; அதை வைத்து நுட்பமாக எதையும் சொல்ல முடியாது. இதற்கு ஏற்றது ஹேர் கருவி. தலைகீழாக நிறுத்திய யூ-குழாயின் இரு முனைகளும் தனித்தனிக் கிண்ணங்களில் உள்ள திரவங்களுக்குள் மூழ்கியிருக்க, மேலே உள்ள கிளைக்குழாய் வழியாகக் காற்றில் சிறிதளவை உறிஞ்சி எடுத்துவிட்டு இறுக மூடினால் இரண்டும் மேலேறி நிற்கும். உள்ளே இரு தம்பங்களுக்கும் மேல் இருப்பது ஒரே காற்று என்பதால் இங்கும் h₁ρ₁ = h₂ρ₂. ஒவ்வோர் உயரத்தையும் அந்தந்தக் கிண்ணத்திலுள்ள திரவ மட்டத்திலிருந்து தனித்தனியே அளக்க வேண்டும். இரு கிண்ணங்களின் மட்டங்களும் சமமாக இருக்க வேண்டிய தேவையில்லை.