சுமை தெரியாத சக்கரம்

அன்புள்ள ஐயா,

நான் எழுதிய சிறுகதையை இணைத்திருக்கிறேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்துச் சிறுவன் முத்து, பம்ப்செட் தொட்டியிலிருந்து வாய்க்காலில் விழும் தண்ணீரில் சக்கரம் சுழலவிட்டு, பொம்மைக் கார் மோட்டாரால் விளக்கு எரிக்கிறான். ஆற்றல் உருமாறுவதைக் கடைசியில் ஆசிரியர் விளக்குகிறார். அந்த இடம் பாடம் போல இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். ஆசிரியரை எடுத்துவிடலாமா? ‘நீர்விளக்கு’ என்ற தலைப்பு சரியா?

ம., குறிஞ்சிப்பாடி

அன்புள்ள ம.,

தலைப்பு இருக்கட்டும். ஆசிரியரை எடுத்துவிடுங்கள். ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது’ என்று அவர் ஒப்பிக்கும் வரி பாடநூலிலேயே இருக்கிறது.

சிறுவர்களுக்கான அறிவியல் கதைகள் ஏன் விளக்கு எரிந்ததும் முடிந்துவிடுகின்றன என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கதையும் அங்கேதான் முடிகிறது. ஆனால் விளக்கு எரிந்த பிறகுதான் முத்து கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே வருகிறது.

முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்து, எண்ணெய் கேனில் வெட்டிய எட்டுத் துடுப்புகளை அதில் சொருகி, சைக்கிள் கம்பியை அச்சாக்கும் இடம் அருமை. ரீஃபில் எடுத்த பேனாக் குழாய்க்குள் அச்சைச் சுழலவிட்டிருக்கிறீர்கள். செய்து பார்த்த கைதான் இப்படி எழுதும். ஒன்றை மட்டும் சேருங்கள். செருப்பு ரப்பர் கம்பியைப் பிடிக்காது. தண்ணீர் பட்டதும் சக்கரம் சுற்றும், அச்சு சும்மா நிற்கும். கம்பியின் ஒரு முனையை வளைத்துச் செருப்போடு கட்டினால்தான் இரண்டும் சேர்ந்து சுற்றும். முத்து ஒரு முறை இதில் ஏமாறட்டும்.

அவ்வளவு கவனமாக எழுதியவர் மோட்டாரில் எப்படி இவ்வளவு அலட்சியமாக இருந்தீர்கள்? பொம்மைக் கார் மோட்டார் 3 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் பத்தாயிரம் சுற்று சுற்றும். அதையே திருப்பிச் சுற்றி மின்சாரம் எடுத்தால் கிட்டத்தட்ட அதே கணக்குதான் கிடைக்கும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 3 மீட்டர். சக்கரத்தின் விளிம்பு அதில் பாதி வேகத்தில் போகும்போதுதான் தண்ணீரிடமிருந்து அதிகம் வாங்கும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள முத்துவின் சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு 100 சுற்று. அந்த அச்சில் மோட்டாரை நேராக மாட்டினால் கிடைப்பது 0.03 வோல்ட். சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட்டாவது வேண்டும். உங்கள் கதையில் விளக்கு எரியவே எரியாது.

பள்ளிப் பிராஜெக்ட் சாமான் விற்கும் கடையில் மஞ்சள் பெட்டி போட்ட கியர் மோட்டார் கிடைக்கும், பிஓ மோட்டார் என்பார்கள். 6 வோல்ட்டில் அதன் அச்சு நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும் வகையை வாங்கச் சொல்லுங்கள். அந்த அச்சை 100 சுற்று சுற்றினால் 3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், அது போதும். எல்இடியோடு ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்இடி தீய்ந்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் எல்இடியின் கால்களை மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டும், அது ஒரு பக்கம்தான் மின்சாரத்தை விடும். மோட்டார் நனையாமல் இருக்க மேலே ஒரு தயிர் டப்பாவைக் கவிழ்த்துவிடலாம்.

இதையெல்லாம் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது ஒரு வரி: ‘விளக்கு எரிந்ததும் சக்கரம் சந்தோஷத்தில் இன்னும் வேகமாகச் சுழன்றது.’ அழகுக்காக எழுதிவிட்டீர்கள். கதை சொல்ல வந்ததையே அந்த வரி பொய்யாக்கிவிட்டது. சக்கரத்திடமிருந்து எதையோ வாங்கித்தான் விளக்கு எரிகிறது. கொடுத்த சக்கரம் தளர வேண்டும். மூட்டை ஏற்றியதும் வண்டி மாடு வேகம் கூட்டியது என்று எழுதுவீர்களா?

ஆனால் ‘சக்கரம் தளர்ந்தது’ என்று வரியைத் திருத்திவிட்டாலும் போதாது, ஏனென்றால் ஒரு எல்இடிக்கு அந்தத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. கணக்கைப் பாருங்கள். பத்து லிட்டர் வாளி பத்து நொடியில் நிறைகிறது என்றால் நொடிக்கு ஒரு லிட்டர். அது அரை மீட்டர் விழுந்தால் ஏறக்குறைய 5 வாட். தெறித்ததும் வேகம் குறையாமல் ஓடிப்போனதும் போக, செருப்புச் சக்கரம் ஒரு வாட் பிடித்தாலே நல்ல சக்கரம். எல்இடியும் ரெசிஸ்டரும் சேர்ந்து எடுப்பது 0.04 வாட்டுக்கும் குறைவு. ஒரு வாட் சக்கரத்துக்கு அது தெரியாது.

அதனால் முத்து மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்க வேண்டும். தவறுதலாக நடந்ததாகவே எழுதலாம்: ஈரத்தில் பிளாஸ்டிக் உரிந்த ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. விளக்கு அணைகிறது. விளக்குப் போனால் சக்கரத்துக்குப் பாரம் குறைய வேண்டும் என்றுதான் அவன் நினைப்பான். சக்கரமோ அதே தண்ணீரில் திணறுகிறது. ஒயரைப் பிரித்தால் உடனே துள்ளி ஓடுகிறது. ஒரு துடுப்பில் நெயில் பாலிஷ் தடவி, அரை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அவன் எண்ணிப் பார்க்கட்டும். பிறகு சக்கரத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஒயரைச் சேர்த்தும் பிரித்தும் அச்சைக் கையால் திருகட்டும். சேர்த்திருக்கும்போது உள்ளே யாரோ பிடித்து இழுப்பது விரலிலேயே தெரியும்.

ஒயர்கள் பிரிந்திருக்கும்போது மோட்டாரில் வோல்ட் உண்டு, மின்சாரம் ஓடாது. சேர்ந்ததும் சுருளில் மின்சாரம் ஓடுகிறது, சுருள் காந்தமாகிறது, தன்னைச் சுற்றவைக்கும் அசைவையே அது எதிர்க்கிறது. லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834-இல் சொன்ன விதி இதுதான். ரெசிஸ்டரும் எல்இடியும் வழியில் இல்லாததால் ஓடும் மின்சாரம் பல மடங்கு, எதிர்ப்பும் பல மடங்கு. அந்த ஆற்றல் சுருளிலும் ஒயரிலும் சூடாகப் போகிறது. ‘வெளிச்சம் இல்லை, ஆனாலும் சக்கரம் எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறது, அது எங்கே போகிறது?’ இந்தக் கேள்வி முத்துவுக்கே வரும், யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

‘சும்மா கிடைச்ச கரண்ட்’ என்று முத்து கத்துவதையும் பாருங்கள். அந்தத் தண்ணீரைப் போர்வெல்லிலிருந்து மேலே ஏற்றியதே 5 எச்பி மோட்டார்தான், 3,700 வாட் வேலை செய்யும் மோட்டார். அதற்கு வந்த மின்சாரத்தில் பக்கத்து நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி எரிந்ததும் சேர்ந்திருக்கும். த்ரீ பேஸ் போனால் தொட்டி வடிந்து முத்துவின் சக்கரமும் நிற்கும். அந்தக் காட்சியை எழுதினால் அவன் கத்தியதற்கு அதுவே பதில்.

இல்லை, அவன் சொன்னது நிஜமாகவே இருக்கட்டும் என்றால் மழையில் நிறைந்த ஏரியின் பாசன வாய்க்காலுக்கு அவனை அனுப்புங்கள். அது வெயில் மேலே ஏற்றி மழையாக இறக்கிய தண்ணீர். மதகடி ஆபத்து, வயலுக்குப் பிரியும் சிறு மடையில் சக்கரத்தை வைக்கட்டும். அங்கே விழும் உயரம் ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் தண்ணீர் நிறைய வரும். துடுப்புகளை மடையின் அகலத்துக்கு வெட்டி, கால்வாசி மட்டும் மூழ்கும்படி அச்சை உயர்த்த வேண்டும். சுற்று குறையும், அதனால் வோல்ட்டும் குறையும். சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வளையத்தைப் பட்டையாகப் போட்டு, பெரிய வட்டிலிருந்து சிறிய வட்டுக்குச் சுற்றை மூன்று மடங்காவது ஏற்றினால்தான் எல்இடி எரியும். ஈரத்தில் அந்தப் பட்டை வழுக்கும், வட்டின் விளிம்பில் மணல்தாள் ஒட்டச் சொல்லுங்கள்.