டிரெஷரி பில் கணக்கு: தள்ளுபடியை எதன் மீது கழிப்பது?

கேள்வி: “நிதித் தேர்வுக்குப் படிக்கிறேன். 10,000 டாலர் முக மதிப்புள்ள அமெரிக்க டிரெஷரி பில், முதிர்வுக்கு 91 நாள், தள்ளுபடி ஈட்டுவீதம் 5.20 சதவீதம். எனக்கு விலை 9,870.26 டாலர் வருகிறது, விடைத்தாளில் 9,868.56. எங்கே தவறினேன்?”

பதில்: 360 நாள் வைத்துக் கணக்கிட்டது சரிதான், ஆனால் தள்ளுபடியைக் கழிப்பதற்குப் பதிலாக, முக மதிப்பை 1.013144 ஆல் வகுத்திருக்கிறீர்கள். தள்ளுபடி ஈட்டுவீதம் என்பது நீங்கள் போடும் பணத்தின் மீது கிடைக்கும் வட்டி அன்று. முதிர்வின்போது கைக்கு வரும் முக மதிப்பில் எவ்வளவு குறைத்து விற்கிறார்கள் என்பதை, ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துச் சொல்லும் வீதம். ஆகவே அதை முக மதிப்பின் மீதே பெருக்கி, வருவதை அதிலிருந்தே கழிக்க வேண்டும். கீழே P விலை, F முக மதிப்பு, d தள்ளுபடி ஈட்டுவீதம், t முதிர்வுக்கு உள்ள நாள்கள்.

```
P = F × (1 − d × t / 360)
```

0.052 ஐ 91 ஆல் பெருக்கினால் 4.732, அதை 360 ஆல் வகுத்தால் 0.013144. பத்தாயிரத்துக்கு இது 131.44 டாலர் தள்ளுபடி. கழித்தால் விலை 9,868.56 டாலர். இடையில் வரும் 0.013144 ஐ 0.013 என்று சுருக்கிவிட்டால் விலை 9,870 ஆகிவிடும். அது உங்கள் தவறான விடைக்கு அருகிலேயே இருப்பதால் பிழை எதுவென்று கண்டுபிடிப்பது கடினம். முழுமையாக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள்.

இந்தத் தடுமாற்றம் நம் ஊர் மாணவர்களுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி ஏலம் விடும் 91, 182, 364 நாள் பில்களுக்கு ஈட்டுவீதம் விலையின் மீது, 365 நாள் கணக்கில் சொல்லப்படுவதால், அங்கே வகுப்பதே சரியான முறை. அதே 5.20 சதவீதத்தை அப்படிப் போட்டால் 9,872.02 வரும். எனவே வினாவில் எந்த ஈட்டுவீதம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: 131.44 ஐ நீங்கள் உண்மையில் செலுத்தும் 9,868.56 ஆல் வகுத்து, 365/91 ஆல் பெருக்குங்கள். கிடைப்பது 5.34 சதவீதம், பத்திரங்களின் ஈட்டுவீதத்தோடு ஒப்பிடத்தக்க எண் இதுதான். முதலீடு முக மதிப்பைவிடச் சிறியது, ஆண்டின் நாள்களும் கூடுதல் என்பதால், இது எப்போதும் தள்ளுபடி வீதத்தைவிட அதிகமாகவே இருக்கும். குறைவாக வந்தால் எங்கோ பிழை. ஆனால் முதிர்வுக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் பில்லுக்கு இந்த எளிய ஒப்பீடு பொருந்தாது, ஏனெனில் பத்திரங்களுக்கு அரையாண்டுக்கொருமுறை வட்டி வருவதையும் அங்கே சேர்க்க வேண்டியிருக்கும். விலை காணும் சூத்திரம் மட்டும் மாறுவதில்லை.