யுரேனியம்-238-இன் 6.67 இ.வி சிகரம்: அகலம் எதைச் சொல்கிறது?

கேள்வி: நியூட்ரான் கருவில் மோதினால் தெறிக்கும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். நடுவில் ‘கூட்டுக் கரு’ என்று ஒன்றை எதற்குக் கொண்டுவருகிறார்கள்?

பதில்: நியூட்ரானின் ஆற்றலை மாற்றிக்கொண்டே போய், கரு அதோடு வினைபுரியும் வாய்ப்பை வரைந்தால் சில ஆற்றல்களில் சிகரங்கள் எழும். அவை அவ்வளவு ஒல்லியாக இருந்ததால்தான். கருவுக்குள் நுழையும் நியூட்ரான் மறுபக்கம் போய்ச்சேர ஏறக்குறைய 10⁻²² வினாடி போதும். அது வெறுமனே கடந்துபோகிறது என்றால், சிகரங்கள் பல மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அதாவது இ.வி, அகலத்தில், மேடு மாதிரிதான் தெரிய வேண்டும். 1930-களின் நடுவில் அளந்தவர்கள் கண்டதோ, ஒரு சில இ.வி தூரத்துக்குள் எகிறி விழும் ஊசிகளை. 1936-இல் நீல்ஸ் போர் இதற்கு விளக்கம் சொன்னார். ஆழமில்லாத கிண்ணத்தில் பல பந்துகள் கிடக்கின்றன. வெளியிலிருந்து ஒரு பந்தை உருட்டிவிட்டால் அதன் வேகம் எல்லாப் பந்துகளுக்கும் பங்காகிவிடும். வெளியேறும் அளவுக்கு வேகம் மறுபடி ஒரே பந்திடம் சேர வெகுநேரம் ஆகும். அந்த இடைக்காலத்தில் இருப்பதுதான் கூட்டுக் கரு. அதே ஆண்டில் பிரைட்டும் விக்னரும் சிகரத்தின் வடிவத்துக்குச் சூத்திரம் தந்தார்கள்.

யுரேனியம்-238-ஐ எடுத்துக்கொள்வோம். நியூட்ரான் உள்ளே சேர்ந்ததும் பிணைப்பாற்றலாக மட்டுமே சுமார் 4.8 மில்லியன் இ.வி கிடைத்துவிடுகிறது. அந்த உயரத்தில் யுரேனியம்-239-இன் நிலைகள் மிக நெருக்கமானவை. மெதுவான நியூட்ரான்கள் எளிதில் தொடும் நிலைகளுக்கு இடையே சராசரியாக 20 இ.வி அளவு இடைவெளிதான். அவற்றில் ஒன்று நியூட்ரானின் 6.67 இ.வி-யில் பொருந்துகிறது. அடுத்தவை 20.9, 36.7.

கேள்வி: சிகரத்தின் அகலம் என்பது அளக்கும் கருவியின் துல்லியக் குறைவுதானே? நல்ல கருவி இருந்தால் கோடு போல மெலிந்துவிடும்.

பதில்: பாதி சரி. கருவியும் அகலத்தைக் கூட்டும். ஆனால் கருவியை எவ்வளவு செப்பனிட்டாலும் ஓர் அகலம் மிஞ்சும். அது அந்த நிலைக்கே உரியது. நிலை அழியக்கூடியது என்பதால் அதன் ஆற்றல் ஒரே எண்ணில் நிற்காது; ஆயுள் τ, அகலம் Γ, குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி ħ என்றால் τ = ħ/Γ என்பதுதான் கணக்கு. 6.67 சிகரத்தின் முழு அகலம் Γ சுமார் 24.5 மில்லி இ.வி. ħ என்பது 6.58 × 10⁻¹⁶ இ.வி-வினாடி. வகுத்தால் 2.7 × 10⁻¹⁴ வினாடி வருகிறது. கடந்துபோக ஆகும் நேரத்தைப் போல இது கோடி மடங்குக்கும் மேல். போர் சொன்ன ‘வெகுநேரம்’ எவ்வளவு என்பதை அகலம் எண்ணாகவே காட்டிவிடுகிறது.

கருவியைத் தவிர இன்னொரு கலப்பும் உண்டு. யுரேனிய அணுக்கள் வெப்பத்தால் முன்னும் பின்னும் ஆடுகின்றன. எதிரே வரும் கருவுக்கு நியூட்ரான் சற்று வேகமாகவும், விலகும் கருவுக்குச் சற்று மெதுவாகவும் தெரியும். அறை வெப்பத்தில் இந்த டாப்ளர் அகலம் 6.67-இல் சுமார் 53 மில்லி இ.வி. சொந்த அகலத்தைவிட இரு மடங்குக்கும் மேல்! கரு நியூட்ரானுக்குக் காட்டும் இலக்குப் பரப்புக்குக் குறுக்குவெட்டு என்று பெயர், அதன் அலகு பார்ன். அசையாத கருக்களுக்கு 24,000 பார்ன் அளவில் இருக்க வேண்டிய உச்சம் அறை வெப்பத்தில் 7,000-8,000 பார்னுக்கு இறங்கிவிடுகிறது. தரவுக் கோப்புகளில் 0 கெல்வினுக்கும் 293 கெல்வினுக்கும் வேறு வேறு உச்சம் தெரிவது இதனால்தான், இரண்டுமே சரி.

கேள்வி: என்னிடம் 1 மி.மீ யுரேனியத் தகட்டின் ஊடுருவல் வரைபடம் இருக்கிறது. 6.67 பள்ளத்தின் அரை உயர அகலம் 0.3 இ.வி. அப்படியானால் ஆயுள் 2 × 10⁻¹⁵ வினாடிதானே? நீங்கள் சொல்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே.

பதில்: உங்கள் அளவீட்டில் பிழையில்லை. தகடுதான் தடிமன். 1 மி.மீ-இல் ஒரு பார்னுக்கு 0.0048 அணுக்கள் வரும். 7,700 பார்னால் பெருக்குங்கள்: 37. நடுவில் e⁻³⁷ என்றால் எதுவுமே ஊடுருவாது. பள்ளத்தின் அடி தட்டையாக, பூச்சியத்தில் ஒட்டிக் கிடக்கும்; அதுதான் அடையாளம். ஊடுருவல் பாதியாக இருக்க 144 பார்ன் போதும். 24,000-இலிருந்து 144-க்கு இறங்கும் இடத்தை பிரைட்-விக்னர் வளைவில் தேடினால், மையத்திலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 0.16 இ.வி தள்ளி நிற்கும். மொத்தம் 0.32. நீங்கள் கண்டதும் அதுவே. அது சிகரத்தின் இறக்கை, ஆயுள் அல்ல.

ஆனால் அந்த வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உச்சக் குறுக்குவெட்டை σ₀ என்போம். சில மைக்ரான் தகட்டில் பள்ளத்தின் பரப்பு σ₀Γ-வைப் பொறுத்தது. தடித்த தகட்டில் σ₀Γ²-இன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. டாப்ளர் கலப்பு இரண்டு பரப்பையும் பெரிதாகத் தொடாது. இரண்டையும் அளந்தால் Γ தனியாகக் கிடைக்கும். வடிவத்தையே நம்பி அகலம் எடுப்பதைவிட இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கேள்வி: Γ = Γn + Γγ; நியூட்ரான் திரும்ப வெளியேறுவதற்கான பங்கு Γn, காமாக் கதிர் வெளிவருவதற்கான பங்கு Γγ. 6.67-இல் Γn 1.5, Γγ 23 மில்லி இ.வி. 20.9-இல் Γn 10, 36.7-இல் 34. ஆனால் Γγ எல்லாவற்றிலும் ஏறக்குறைய 23. ஒன்று தாவுகிறது, மற்றது அசையவே இல்லை. அகலங்கள் நிலைக்கு நிலை தற்செயலாகச் சிதறும் விதத்தைச் சொல்லும் போர்ட்டர்-தாமஸ் பரவல் இதற்கு முழு விடையா?

பதில்: பெரும்பகுதி விடை. நியூட்ரான் திரும்பி வெளியேற ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலில் நிலையின் அலைச்சார்பு எவ்வளவு என்பது நிலைக்கு நிலை தற்செயலாக மாறுகிறது. காமாவுக்கோ கீழே எண்ணற்ற நிலைகள். பல சிறு அகலங்களைக் கூட்டும்போது ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. விளைவைப் பாருங்கள்: 6.67-இல் பிடிபட்ட நூறு நியூட்ரான்களில் 94 காமாவாக முடிகின்றன, 36.7-இல் ஏறக்குறைய 60 திரும்ப வெளியே வருகின்றன. உயரம் மட்டும் பார்த்து உட்கவர்வைக் கணிக்க முடியாது.

முழு விடையா என்றால், 2010-இல் பிளாட்டினம்-192, 194 அளவீடுகளை வைத்து இந்தப் பரவல் பொருந்தவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு பல விளக்கங்கள் வந்துவிட்டன. பரவலே தவறு என்று நான் நினைக்கவில்லை. தொடக்க ஆற்றல் அருகே சராசரி அகலம் ஆற்றலோடு மாறும் விதத்தில்தான் சந்தேகம். வாதம் இன்னும் முடியவில்லை.

கேள்வி: சூடாக்கினால் உச்சம் குறையும் என்கிறீர்கள். அப்போது எரிபொருள் சூடேறினால் யுரேனியம்-238 குறைவாக விழுங்கும், உலையின் வினை கூடும். இது ஆபத்தாயிற்றே?

பதில்: நடப்பது நேர்மாறு. உச்சம் இறங்கினாலும் வளைவின் பரப்பு மாறுவதில்லை. குறைந்த உயரம் அகலமாகப் பரவுகிறது. 1,000 கெல்வினில் 53 மில்லி இ.வி சுமார் 98 ஆகிறது. எரிபொருள் கோலில் உச்ச ஆற்றலில் வரும் நியூட்ரான்கள் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடும். ஆகவே உச்சம் 7,700-இலிருந்து பல ஆயிரம் குறைந்தாலும் அங்கே யாரும் தப்புவதில்லை. பக்கங்களில், முன்பு தப்பித்துக்கொண்டிருந்த ஆற்றல்களில், இப்போது குறுக்குவெட்டு ஏறிவிட்டது. மொத்தத்தில் விழுங்கல் கூடும், வினை குறையும்.

மேலே தகட்டைப் பற்றிக் கேட்டவர் இதைத் தன் தரவிலேயே சோதிக்கலாம். ஒரு மைக்ரான் தகட்டைச் சூடாக்கினால் விழுங்கப்படும் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாது. தடிமன் கூடக்கூட வெப்பத்தின் விளைவு தலைகாட்டும். ஆனால் ஒரு மி.மீ-க்குப் போய்விட்டால் 6.67-இல் அது மறுபடி சிறிதாகிவிடும், ஏனென்றால் பள்ளத்தின் விளிம்பு டாப்ளர் எட்டாத இறக்கைக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. அந்தத் தடிமனில் உயர்ந்த ஆற்றல்களில் இருக்கும் பலவீனமான சிகரங்களைத்தான் பார்க்க வேண்டும்.